பெல்ட்டின் முதுகில் இருக்கும் எண்

மாவு மில்லில் பெல்ட் அறுந்துபோனால், மில்காரர் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார். கடைக்காரர் பெல்ட்டின் முதுகைத் துணியால் துடைத்துப் பார்ப்பார். ‘பி 80’ என்று தெரிந்தால் அதே எண்ணில் புதியதை எடுத்துக் கொடுத்துவிடுவார். எழுத்து தேய்ந்து அழிந்திருந்தால்தான் சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல், மில்காரர் புதிதாக ஒரு மோட்டாரை வாங்கி, வேறு அளவு புல்லி மாட்டி, வேறு இடத்தில் நிறுத்தியிருந்தால் வரும். அப்போது ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பெல்ட்டே கிடையாது. எந்த எண் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பெல்ட்டில் உள்ள எழுத்து அதன் குறுக்களவைச் சொல்கிறது. ஏ வகை வி-பெல்ட்டின் மேல் அகலம் 13 மி.மீ., உயரம் 8 மி.மீ. பி வகையில் அகலம் 17 மி.மீ., உயரம் 11 மி.மீ. எழுத்தை அடுத்து வரும் எண், பெல்ட்டின் உட்பக்கச் சுற்றளவை அங்குலத்தில் சொல்கிறது. பி 80 என்றால் உட்சுற்று 80 அங்குலம், அதாவது 2032 மி.மீ. இந்த 80 எங்கிருந்து வந்தது?

நிஜமான அளவுகளோடு ஒரு மில்லை எடுத்துக்கொள்வோம். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடுகிறது. அரவைக் கல் 600 சுற்றில் ஓடவேண்டும். மோட்டாரில் 125 மி.மீ. விட்டமுள்ள புல்லி, கல்லின் ஷாஃப்ட்டில் 300 மி.மீ. விட்டமுள்ள புல்லி. 1440-ஐ 125-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால் சரியாக 600 வரும். பெல்ட் கொஞ்சம் வழுக்குவதால் உண்மையில் ஓரிரு சதவீதம் குறையும், அவ்வளவுதான். இரண்டு ஷாஃப்ட்டுகளின் மையங்களுக்கு நடுவே 700 மி.மீ. தூரம்.

இரண்டு புல்லியும் ஒரே அளவாக இருந்தால் கணக்கு சுலபம். மேலே ஒரு நேர்கோடு, கீழே ஒரு நேர்கோடு, இரண்டு முனையிலும் அரை வட்டம். மையத் தூரத்தின் இரண்டு மடங்கோடு ஒரு புல்லியின் முழுச் சுற்றளவைக் கூட்டினால் முடிந்தது. ஒரு புல்லி பெரியது, இன்னொன்று சின்னது என்று ஆனதும் இரண்டு மாற்றங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பெல்ட்டின் நேர்ப்பகுதிகள் சாய்ந்துவிடுகின்றன. அந்தச் சாய்வால் பெல்ட் பெரிய புல்லியை அரை வட்டத்துக்கு மேல் சுற்றுகிறது, சின்ன புல்லியை அரை வட்டத்துக்குக் குறைவாகச் சுற்றுகிறது.

சாய்வைத் தரும் முக்கோணம்

சின்ன புல்லியின் மையத்திலிருந்து பெல்ட்டின் நேர்ப்பகுதிக்கு இணையாக ஒரு கோடு இழுப்போம். பெரிய புல்லியின் மையத்திலிருந்து, பெல்ட் அந்தப் புல்லியைத் தொடும் இடத்துக்கு ஓர் ஆரம் வரைவோம். தொடுகோட்டுக்கு ஆரம் செங்குத்து என்பது பள்ளியில் படித்ததுதான். ஆகவே நாம் இழுத்த கோடும் இந்த ஆரத்தைச் செங்குத்தாகவே வெட்டும். வெட்டும் இடம், பெரிய மையத்திலிருந்து இரண்டு ஆரங்களின் வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு தூரத்தில் இருக்கும்.

இப்போது ஒரு செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது. அதன் கர்ணம் மையங்களுக்கு இடையிலான 700 மி.மீ. ஒரு பக்கம் ஆரங்களின் வித்தியாசம்: 150-லிருந்து 62.5 போனால் 87.5 மி.மீ. மூன்றாவது பக்கம்தான் பெல்ட்டின் நேர்ப்பகுதி. பிதாகரஸ் தேற்றத்தின்படி அது 694.51 மி.மீ. மேலும் கீழும் சேர்த்தால் 1389.02 மி.மீ.

சாய்வுக் கோணமும் இதே முக்கோணத்தில் இருக்கிறது. 87.5-ஐ 700-ஆல் வகுத்தால் 0.125. அந்த சைன் மதிப்புக்கு உரிய கோணம் 7.18 பாகை. பெல்ட் இந்த அளவு சாய்வதால், பெரிய புல்லியில் மேலே 7.18 பாகையும் கீழே 7.18 பாகையும் கூடுதலாகச் சுற்றிக்கொள்கிறது. மொத்தம் 194.36 பாகை. சின்ன புல்லியில் அதே அளவு குறைந்து 165.64 பாகை ஆகிறது. இரண்டையும் கூட்டினால் எப்போதும் 360 பாகைதான் வரும். ஒரு முழுச் சுற்று போகும் பெல்ட் மொத்தத்தில் ஒரே ஒரு முறைதான் திரும்புகிறது என்பதே காரணம். இது பின்னால் ஓர் இடத்தில் கைகொடுக்கும்.

194.36 பாகைக்குப் பெரிய புல்லியின் வில் 508.84 மி.மீ. 165.64 பாகைக்குச் சின்ன புல்லியின் வில் 180.68 மி.மீ. நேர்ப்பகுதிகளையும் சேர்த்தால் பெல்ட்டின் நீளம் 2078.54 மி.மீ.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. புல்லிகளின் அளவு வித்தியாசத்தை மறந்துவிட்டு, சாய்வே இல்லை என்று வைத்து, 1400 மி.மீ. நேர்ப்பகுதியும் இரண்டு அரை வட்டங்களும் மட்டும் கூட்டினால் 2067.59 மி.மீ. வரும். உண்மையான நீளத்தைவிட 10.95 மி.மீ. குறைவு. இந்த 10.95 எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும். பெல்ட் சாய்ந்ததால் நேர்ப்பகுதிகள் 1400-லிருந்து 1389.02-ஆகச் சுருங்கி, 10.98 மி.மீ. இழந்தன. அதே சாய்வால் பெரிய புல்லியில் கூடிய வில், சின்ன புல்லியில் குறைந்த வில்லைவிட 21.93 மி.மீ. அதிகம். நேர்ப்பகுதியில் போனதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வில்லில் திரும்பி வந்திருக்கிறது.

இது தற்செயல் அல்ல. சாய்வு சிறியதாக இருக்கும்வரை இந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் மாறாது. அதனால் இழப்பையும் வரவையும் தனித்தனியாகக் கணக்கிடத் தேவையில்லை. நிகரமாகக் கூடுவதை மட்டும் சேர்த்தால் போதும். பெல்ட் கம்பெனிகளின் கேட்டலாக்குகளில் இருக்கும் சூத்திரம் இப்படித்தான் கிடைக்கிறது:

L = 2C + π(D + d)/2 + (D − d)²/(4C)

L பெல்ட்டின் நீளம், C மையத் தூரம், D பெரிய புல்லியின் விட்டம், d சின்ன புல்லியின் விட்டம். சைன் அட்டவணை வேண்டாம், வர்க்கமூலம் வேண்டாம். நம் மில்லுக்கு 1400, 667.59, 10.94 ஆகிய மூன்றையும் கூட்டினால் 2078.53 மி.மீ. முழுக் கணக்குக்கும் இதற்கும் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

மோட்டாரைக் கல்லுக்குப் பக்கத்தில் நகர்த்தினால் சாய்வு அதிகமாகும். அப்போதும் இது தாங்குமா? இந்த இரண்டு புல்லிகளும் ஒன்றையொன்று கிட்டத்தட்ட உரசும் அளவுக்கு மையத் தூரத்தை 220 மி.மீ. ஆக்கிப் பார்த்தாலும், முழுக் கணக்கு 1142.87 என்கிறது, சூத்திரம் 1142.39 என்கிறது. வித்தியாசம் அரை மில்லிமீட்டர். ஒரு பெல்ட் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளியே 25.4 மி.மீ. இருக்கும்போது இது ஒரு பொருட்டே அல்ல. சூத்திரம் தோராயமானது என்பதால் தவறான பெல்ட் வாங்கியவர் யாரும் இருக்க வாய்ப்பில்லை. தவறு வருவது வேறு இடத்தில்.

எந்த விட்டம், எந்த நீளம்?

வி-பெல்ட் புல்லியின் பள்ளத்துக்குள் இறங்கி உட்காருகிறது. புல்லியைச் சுற்றி வளையும்போது அதன் முதுகுப்பக்கம் நீள்கிறது, உட்பக்கம் நசுங்குகிறது. இரண்டுக்கும் நடுவே, நீளாமலும் நசுங்காமலும் ஒரு கோடு ஓடுகிறது. பெல்ட்டின் இழுவிசையைத் தாங்கும் நூல்கள் அந்தக் கோட்டை ஒட்டித்தான் ரப்பருக்குள் புதைக்கப்பட்டிருக்கும். பெல்ட்டின் உண்மையான நீளம் இந்தக் கோட்டின் நீளம். புல்லியின் உண்மையான விட்டம் இந்தக் கோடு ஓடும் வட்டத்தின் விட்டம். பட்டறையில் இதைப் பிட்ச் விட்டம் என்பார்கள். வேகக் கணக்கும் நீளக் கணக்கும் இதை வைத்தே போட வேண்டும்.

புல்லியின் விளிம்பில் டேப் வைத்து அளந்தால் கிடைப்பது பிட்ச் விட்டம் அல்ல. பி வகைப் புல்லியில் வெளி விட்டம் பிட்ச் விட்டத்தைவிடச் சுமார் 8 மி.மீ. அதிகம். நம் புல்லிகளை விளிம்போடு அளந்தால் 133 என்றும் 308 என்றும் வரும். அதை அப்படியே சூத்திரத்தில் போட்டால் நீளம் 25 மி.மீ. கூடிவிடும். அது ஏறக்குறைய ஓர் அங்குலம். பி 80 வாங்க வேண்டியவர் பி 81 கேட்டுக்கொண்டு நிற்பார்.

பிட்ச் விட்டங்களை வைத்து நாம் கண்டுபிடித்த 2078.5 மி.மீ. என்பது பிட்ச் நீளம். பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருப்பதோ உட்சுற்று நீளம். பி வகைக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்தியத் தர அளவுகளின்படி 43 மி.மீ., ஏ வகைக்கு 36 மி.மீ. சில கம்பெனிகளின் அளவு இதிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் விலகும் என்பதால் கேட்டலாக்கைப் பார்த்துக்கொள்வது நல்லது. 2078.5-லிருந்து 43 போனால் 2035.5. அதை 25.4-ஆல் வகுத்தால் 80.1 அங்குலம். பி 80 வந்துவிட்டது.

கணக்கே வேண்டாம் என்று பலர் கயிற்றை எடுத்துவிடுகிறார்கள். இரண்டு புல்லிகளின் விளிம்பையும் சுற்றிக் கயிற்றை இறுக்கிப் பிடித்து, அதன் நீளத்தை அங்குலத்தில் சொல்லிப் பெல்ட் கேட்பார்கள். நம் மில்லில் அந்தக் கயிறு 2104 மி.மீ. காட்டும், அதாவது கிட்டத்தட்ட 83 அங்குலம். அறுந்த பெல்ட்டைத் தரையில் நீட்டி முதுகுப்பக்கமாக அளந்தாலும் இதே தப்புதான். பி 80 பெல்ட்டின் வெளிச்சுற்று 2101 மி.மீ., அதுவும் 83 அங்குலத்துக்குப் பக்கம். பழைய பெல்ட் நீண்டு தளர்ந்தும் இருக்கும் என்பதால் இன்னும் கூடவே காட்டும். இப்படி வாங்கிய பி 83, தேவைக்கு மேல் 76 மி.மீ. நீளமாக வரும். அதை இறுக்க மோட்டாரை 38 மி.மீ. பின்னால் தள்ள வேண்டும். அடிச்சட்டத்தில் அவ்வளவு இடம் பல மில்களில் இருக்காது.

கயிற்று அளவை வீணாக்க வேண்டியதில்லை. பெல்ட் மொத்தத்தில் ஒரு முழுச் சுற்று மட்டுமே திரும்புகிறது என்று பார்த்தோம். அதனால் அதன் வெளிச்சுற்றுக்கும் உட்சுற்றுக்கும் உள்ள வித்தியாசம், பெல்ட்டின் உயரத்தை 2π-ஆல் பெருக்கினால் வருவதுதான். புல்லி எவ்வளவு பெரியது, மோட்டார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதெல்லாம் இந்த வித்தியாசத்தை மாற்றாது. பி வகையின் உயரம் 11 மி.மீ. என்பதால் வித்தியாசம் எப்போதும் 69 மி.மீ.; ஏ வகைக்கு 50 மி.மீ. பள்ளத்தில் ஒழுங்காக உட்கார்ந்த பெல்ட்டின் முதுகு புல்லி விளிம்பின் மட்டத்துக்கு வரும். எனவே விளிம்பில் சுற்றிய கயிற்றின் நீளத்திலிருந்து இதைக் கழித்தால் போதும். 2104-லிருந்து 69 போனால் 2035. அங்குலத்தில் 80.1. கயிறும் கணக்கும் ஒரே எண்ணுக்கு வந்து சேர்கின்றன.

பெல்ட்டுக்கு ஏற்ப மோட்டார்

பி 80-இன் பிட்ச் நீளம் 2075 மி.மீ. நமக்கு வேண்டியது 2078.5. கடையில் முழு எண்களில்தான் பெல்ட் கிடைக்கும் என்பதால் மீதி வேலையை மோட்டார் செய்ய வேண்டும். பெல்ட்டின் நீளம் தெரிந்திருக்க, மையத் தூரத்தைக் கண்டுபிடிக்கும் சூத்திரம் இது:

p = L − π(D + d)/2
C = (p + √(p² − 2(D − d)²))/4

2075-ஐப் போட்டால் மையத் தூரம் 698.2 மி.மீ. என்று வரும். மோட்டாரைக் கல்லை நோக்கி ஏறக்குறைய 2 மி.மீ. நகர்த்தினால் போதும். நேர்ப்பகுதிகள் இரண்டு என்பதால் பெல்ட்டின் நீளத்தில் 2 மி.மீ. மாறினால் மோட்டார் சுமார் 1 மி.மீ. நகர வேண்டும். மனக்கணக்குக்கு இது போதும். ஓடி ஓடிப் பெல்ட் ஒரு சதவீதம் நீண்டுவிட்டால், அதாவது 20 மி.மீ. கூடிவிட்டால், மோட்டாரைப் 10 மி.மீ. பின்னால் தள்ளினால் இறுக்கம் திரும்பிவிடும். மோட்டாரின் அடியில் நீள்துளைகளோ ஸ்லைடு ரெயிலோ இருப்பது இதற்காகத்தான். பின்னால் தள்ள இடம் இருப்பது போலவே முன்னால் கொண்டுவரவும் இடம் விட வேண்டும். முன்னால் இடமில்லாத மில்லில் புதுப் பெல்ட்டைக் கம்பியால் நெம்பி ஏற்றுவார்கள். அப்போது உள்ளே இருக்கும் நூல்கள் அறுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. சில வாரங்களில் பெல்ட் முறுக்கிக்கொண்டு பள்ளத்திலேயே புரளும்.

இறுக்கம் போதுமா என்று பார்க்க, நேர்ப்பகுதியின் நடுவில் அழுத்திப் பார்ப்பது வழக்கம். கேட்டலாக்கில் சொன்ன விசையில் அழுத்தினால், ஒரு மீட்டர் நேர்ப்பகுதிக்குச் சுமார் 16 மி.மீ. தாழ வேண்டும். நம் பெல்ட்டின் நேர்ப்பகுதி 69 செ.மீ.; ஆகவே 11 மி.மீ. தாழ்ந்தால் சரி. இதைவிட அதிகமாகத் தாழ்ந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட பெல்ட், மோட்டாரைப் போட்டதும் கிறீச்சிடும், புல்லி சூடேறும், அடியில் கறுப்பு ரப்பர்த் தூள் சேரும். வழுக்கல் முதலில் சின்ன புல்லியில்தான் தொடங்கும், ஏனென்றால் அங்கேதான் பிடிமானம் 165 பாகைக்குச் சுருங்கியிருக்கிறது. இறுக்கி வைத்தும் சத்தம் போகவில்லை என்றால் பள்ளத்தின் அடியைப் பார்க்க வேண்டும். வி-பெல்ட் பக்கச் சுவர்களில் ஆப்புபோல் சிக்கித்தான் இழுக்கும். அதன் அடிப்பாகம் பள்ளத்தின் அடியைத் தொடக்கூடாது. அடி பளபளவென்று தேய்ந்திருந்தால் புல்லியின் சுவர்கள் தேய்ந்து பெல்ட் இறங்கிவிட்டது என்று பொருள். அதற்குப் பெல்ட்டை மாற்றிப் பயனில்லை. புல்லியையே மாற்ற வேண்டும்.

குறுக்குப் பெல்ட்டும் படிப் புல்லியும்

பழைய அரிசி ஆலைகளிலும் மரம் அறுக்கும் பட்டறைகளிலும் தட்டைப் பெல்ட்டை எட்டு வடிவில் குறுக்காக மாட்டுவார்கள். இயந்திரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டுமென்றால் அதுதான் வழி. இந்த மாட்டலில் முக்கோணத்தின் ஒரு பக்கம் ஆரங்களின் வித்தியாசம் அல்ல, அவற்றின் கூட்டுத்தொகை. பெல்ட் இரண்டு புல்லிகளையும் ஒரே அளவு கோணத்துக்குச் சுற்றும். நம் புல்லிகளுக்கே இப்படி மாட்டினால் இரண்டிலும் 215 பாகை சுற்றும், நீளம் 2132.6 மி.மீ., நேர்ப் பெல்ட்டைவிட 54 மி.மீ. கூடுதல்.

குறுக்குப் பெல்ட்டின் நீளக் கணக்கில் இரண்டு ஆரங்களும் தனித்தனியாக எங்கும் வராது. அவற்றின் கூட்டுத்தொகை மட்டுமே வரும். அதனால் ஒரு புல்லியைப் பெரிதாக்கி இன்னொன்றை அதே அளவு சிறிதாக்கினால் அதே பெல்ட் அப்படியே பொருந்தும். நேர்ப் பெல்ட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. துளையிடும் இயந்திரத்தின் மேல்மூடியைத் திறந்தால், படிப்படியாக அடுக்கிய இரண்டு புல்லிகளில் இதைப் பார்க்கலாம். பெல்ட்டைப் படி மாற்றிப் போட்டால் வேகம் மாறும். மேல்படியில் 140 மி.மீ., எதிரே 60 மி.மீ.; நடுப்படியில் இரண்டு பக்கமும் 100 மி.மீ. என்று கடைந்தால், கூட்டுத்தொகை இரண்டிலும் 200-தான். ஆனால் மையத் தூரம் 250 மி.மீ. என்றால், மேல்படிக்கு வேண்டிய பெல்ட் நடுப்படிக்கு வேண்டியதைவிட 6.4 மி.மீ. நீளம். மேல்படியில் இறுக்கமாக ஓடும் பெல்ட் நடுப்படிக்கு வந்ததும் தளர்ந்து, மோட்டாரை ஒவ்வொரு முறையும் 3 மி.மீ. நகர்த்த வேண்டியிருக்கும். வித்தியாசத்தைப் புல்லியிலேயே ஈடுகட்டலாம். நடுப்படியை இரண்டு பக்கமும் 100-க்குப் பதில் 102 மி.மீ. என்று கடைந்தால் பெல்ட்டின் நீளம் 820.4 மி.மீ. ஆகிறது. மேல்படிக்கு வேண்டியது 820.6. மோட்டாரைத் தொடாமலே பெல்ட்டை ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு மாற்றிவிடலாம்.